மழைநீரை உள்ளே விட்டு வெளியே அனுப்பும் சுவர்

பிரிட்டனில் ஒரு செங்கல் வீட்டின் சுவர் பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் அது இரண்டு சுவர். வெளிப்பக்கம் அரைச் செங்கல் பருமனில், அதாவது 102.5 மி.மீ. தடிப்பில் ஒரு சுவர் எழும். உட்பக்கம் சுமார் 100 மி.மீ. தடிப்பில் கான்கிரீட் பிளாக்கால் இன்னொரு சுவர் எழும். நடுவில் குறைந்தது 50 மி.மீ. இடைவெளி விடப்படும். இரண்டும் சேர்ந்து நிற்பதற்காக, இடைவெளியைக் குறுக்காகக் கடக்கும் உலோகக் கம்பிகள் இரு சுவர்களின் கலவை மூட்டுகளிலும் பதிக்கப்படும். 1920-களிலிருந்து அந்த நாட்டில் பரவலான இந்த அமைப்புக்குக் கேவிட்டி சுவர் என்று பெயர்.

தமிழ்நாட்டு வீடுகளில் வேறு முறை. ஒன்பது அங்குலச் சுவரின் மேல் சிமெண்ட் பூச்சும் சுண்ணாம்போ பெயிண்டோ ஏறுகின்றன. ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு நீட்டிக்கொண்டு மழையைத் தள்ளி விழச் செய்கிறது. மழை சுவருக்குள் போகாமல் வெளியிலேயே தடுப்பது இதன் நோக்கம். கேவிட்டி சுவர் அப்படித் தடுக்க முயல்வதில்லை. வெளிப்பக்கச் செங்கல் நனையும், அதன் வழியே நீர் உள்ளே வரும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, வந்த நீர் உட்சுவரைத் தொடாமல் வெளியேற வழி செய்கிறது. அந்த வழியின் உறுப்புகள்தான் கேவிட்டி ட்ரே எனப்படும் தட்டு, வீப் ஹோல் எனப்படும் கசிவுத் துளை, ஃபிளாஷிங் எனப்படும் மடிப்புத் தகடு ஆகிய மூன்றும்.

நீர் எப்படி உள்ளே வருகிறது

காற்றோடு சேர்ந்து அடிக்கும் மழை மணிக்கணக்கில் நீடித்தால் பூசாத அரைச் செங்கல் சுவரால் தாங்க முடியாது. செங்கல்லைத் துளைத்து வரும் நீரைவிட, செங்கல்லும் கலவையும் சேரும் இடத்தில் உள்ள மயிரிழை விரிசல்கள் வழியே வரும் நீரே அதிகம். அதிலும் பலவீனமானவை செங்குத்து மூட்டுகள். கிடைமட்ட மூட்டில் கலவையின் மேல் செங்கல்லை வைத்து அழுத்துவதால் அது இறுகிவிடும். செங்குத்து மூட்டை அழுத்த எதுவும் இல்லை. செங்கல்லின் முனையில் கரண்டியால் கொஞ்சம் கலவை தடவி ஒட்டிவிட்டுப் போனால் உள்ளே பாதி மூட்டு வெறுமையாகவே இருக்கும்.

இப்படி வந்த நீர் வெளிச்சுவரின் முதுகுப்பக்கத்தை அடைந்ததும் அதைத் தள்ளி வந்த காற்றழுத்தம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. இடைவெளியைத் தாண்டி எதிர்ச்சுவருக்குப் பாய அதற்கு வலு இல்லை. ஈர்ப்பு விசை மட்டும் இழுக்க, வெளிச்சுவரின் முதுகில் ஒட்டியபடியே கீழே இறங்குகிறது. நடுவில் குறுக்கிடும் பிணைப்புக் கம்பிகள் வழியே நீர் உட்பக்கம் போய்விடக் கூடாது என்பதற்காக, கம்பியின் மத்தியில் ஒரு முறுக்கோ வளைவோ வைக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தில் துளி திரண்டு கீழே சொட்டிவிடும்.

சுவரின் அடியில் நீர் தேங்க இடம் வேண்டும். அதனால் தரையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் போடப்படும் ஈரத்தடுப்புப் பட்டைக்கும் கீழே, குறைந்தது இன்னும் 225 மி.மீ. ஆழத்துக்கு இடைவெளி தொடர வேண்டும் என்கிறது இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி நூல். கதவோ ஜன்னலோ இல்லாத, வேறு கூரை எதுவும் வந்து முட்டாத வெற்றுச் சுவராக இருந்தால் இத்துடன் வேலை முடிந்துவிடும்.

பாதை மறிக்கப்படும் இடம்

வெற்றுச் சுவர் எந்த வீட்டிலும் இல்லை. ஜன்னலுக்கு மேலே செங்கல்லைத் தாங்க லிண்டல் வேண்டும். அந்த லிண்டல் இடைவெளியைக் குறுக்கே அடைக்கிறது. மேலிருந்து வெளிச்சுவரின் முதுகில் இறங்கி வரும் நீர் அங்கே வந்து நிற்கிறது. வழி இல்லையென்றால் அது லிண்டலின் மேல் பரவி உட்சுவரைத் தொடும், அல்லது ஜன்னல் சட்டத்தின் தலையில் சொட்டும். இடைவெளி எங்கெல்லாம் மறிக்கப்படுகிறதோ அங்கெல்லாம் நீரை வெளிப்பக்கம் திருப்பிவிட ஒரு தட்டு வேண்டும் என்பதே இந்த அமைப்பின் அடிப்படை விதி.

தட்டு என்றாலும் அது தட்டையாக இருப்பதில்லை. பாலிதீன், பிடுமன் கலந்த பாலிமர், அல்லது ஈயத்தால் ஆன நீர்புகாத தாள் அது. அதன் முன்விளிம்பு லிண்டலுக்கு மேலே, வெளிச்சுவரின் கிடைமட்ட மூட்டில் படுத்திருக்கும். அங்கிருந்து இடைவெளியின் குறுக்கே சரிவாக மேலேறி, உட்சுவரின் உயரமான ஒரு மூட்டுக்குள் செருகப்படும். முன்விளிம்பைவிடப் பின்விளிம்பு ஏறக்குறைய 150 மி.மீ. உயரத்தில் இருக்கும். பிரிட்டிஷ் செங்கல் ஒரு வரிக்குக் கலவையோடு 75 மி.மீ. என்பதால், இது சரியாக இரண்டு வரி உயரம்.

இவ்வளவு ஏற்றம் வைப்பதற்குக் காரணம், நீர் வெளிப்பக்கம் சரிய வேண்டும் என்பது மட்டுமன்று. கொத்தனார் மேலே கட்டிக்கொண்டே போகும்போது மூட்டிலிருந்து பிதுங்கும் கலவை இடைவெளிக்குள் விழும். அது தட்டின் மேல் குவிந்து இறுகினால் அந்தக் குவியலே நீருக்குப் பாலமாகி உட்சுவரை நனைக்கும். கொஞ்சம் கலவை விழுந்து கிடந்தாலும் அதற்கு மேலேயும் தட்டு உயர்ந்து நின்று உட்சுவரைக் காக்க வேண்டும். 150 மி.மீ. ஏற்றம் அந்தப் பாதுகாப்பையும் சேர்த்தே தருகிறது.

இன்று பிரிட்டனில் பெரும்பாலான ஜன்னல்களுக்கு மேல் இருப்பவை வளைத்துச் செய்த இரும்பு லிண்டல்கள். அவற்றில் சில வடிவங்கள் உட்பக்கம் உயர்ந்து வெளிப்பக்கம் சரிவதால் அவையே தட்டின் வேலையைச் செய்துவிடுகின்றன. ஆனால் மழை கடுமையாக அடிக்கும் பகுதிகளில் அதை நம்பி விடுவதில்லை. காற்றோடு வரும் மழையின் அளவைப் பொறுத்து பிரிட்டன் முழுவதும் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மேற்குக் கரையோரங்கள் பல மிகக் கடுமையான மண்டலத்தில் விழுகின்றன. அந்தப் பகுதிகளிலும் ஸ்காட்லாந்து முழுவதிலும், லிண்டல் எந்த வடிவமாக இருந்தாலும் மேலே தனியாக ஒரு தட்டு போட வேண்டும் என்று புது வீடுகளுக்கு உத்தரவாதம் தரும் அமைப்பான என்.ஹெச்.பி.சி. கேட்கிறது.

முனைகளும் துளைகளும்

தட்டு நடுவில் கெட்டுப்போவது அபூர்வம். தவறு பெரும்பாலும் முனைகளில் நேர்கிறது. சரிவான தட்டின் முன்பக்கத்தில் தேங்கும் நீர், வெளியேற வழி தேடிப் பக்கவாட்டிலும் ஓடும். இரு முனைகளும் திறந்திருந்தால் அங்கே வழிந்து, ஜன்னலின் இருபுறமும் உள்ள இடைவெளிக்குள் ஒரே இடத்தில் கொட்டும். சுவர் முழுக்கப் பரவி வந்த நீரைத் தட்டு ஒன்றுதிரட்டி, ஜன்னல் ஓரத்தில் உட்சுவரும் வெளிச்சுவரும் நெருங்கும் இடத்தில் ஊற்றிவிடும். தட்டே இல்லாமல் இருந்திருந்தால் பரவலாக வந்திருக்கும் ஈரம், இப்போது ஒரு மூலையில் திரண்டு வரும்.

ஆகவே தட்டின் இரு முனைகளிலும் முனைத் தடுப்பு வேண்டும். தட்டின் ஓரத்தை மேல்நோக்கி மடித்து அருகிலுள்ள செங்குத்து மூட்டுக்குள் செருகலாம். அல்லது அதற்கென வார்த்து விற்கும் பிளாஸ்டிக் துண்டை ஒட்டலாம். எதுவானாலும் ஒரு செங்கல் வரியின் உயரத்துக்காவது அது நிமிர்ந்து நிற்க வேண்டும். இப்போது தட்டு மூன்று பக்கமும் அடைத்த தொட்டியாகிறது. நான்காவது பக்கமான வெளிச்சுவரில் நீர் வெளியேறத் துளை விட வேண்டும்.

அந்தத் துளையைப் புதிதாகத் துளைக்க வேண்டியதில்லை. தட்டின் மேல் வரும் முதல் செங்கல் வரியில் சில செங்குத்து மூட்டுகளைக் கலவை வைக்காமல் திறந்து விட்டாலே போதும். 10 மி.மீ. அகலமும் 65 மி.மீ. உயரமும் கொண்ட ஒரு பிளவு கிடைக்கும். தற்போது பலரும் அந்த இடத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் செருகியை வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் தடுப்புகள் காற்றோடு அடிக்கும் மழையும் பூச்சிகளும் உள்ளே நுழைவதைக் குறைக்கும். நீர் வெளியேற மட்டும் விடும். தமிழ்நாட்டில் மண் சரிவைத் தடுக்கும் கருங்கல் சுவர்களில் குழாய்த் துண்டுகளைப் பதித்து வீப் ஹோல் விடுவதும் இதே நோக்கத்தில்தான், உள்ளே நீர் தேங்கக் கூடாது என்பதற்காக.

துளைகளுக்கு நடுவே 900 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. ஒரு ஜன்னலுக்கு மேல் உள்ள தட்டைப் போல அது சுவர் முழுவதும் நீளாமல் நடுவில் முடிகிறது என்றால், எவ்வளவு சிறியதாக இருந்தாலும் குறைந்தது இரண்டு துளைகள் வேண்டும். ஒன்று அடைபட்டாலும் மற்றது வேலை செய்யும்.

ஒரு ஜன்னலின் கணக்கு

1,200 மி.மீ. அகல ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொண்டால் இவை எப்படிச் சேர்கின்றன என்பது தெளிவாகும். லிண்டல் இருபுறமும் 150 மி.மீ. சுவரில் அமர வேண்டும் என்பதால் அதன் நீளம் 1,500 மி.மீ. தட்டு லிண்டலை முழுவதுமாக மூட வேண்டும். ஜன்னலின் பக்கவாட்டில் இடைவெளியை அடைத்திருக்கும் துண்டையும் அது குறைந்தது 25 மி.மீ. தாண்ட வேண்டும். முனைத் தடுப்புகள் செருகப்படும் செங்குத்து மூட்டுகள் எங்கே விழுகின்றன என்று பார்த்து, நீளத்தை அந்த மூட்டுகள்வரை கொஞ்சம் கூட்டிக்கொள்வது வழக்கம்.

அகலத்துக்கு, இடைவெளி 100 மி.மீ. என்று கொள்வோம். தட்டு வெளிச்சுவரின் மூட்டில் ஏறக்குறைய 102 மி.மீ. படுத்திருக்கும். பிறகு 100 மி.மீ. குறுக்காகவும் 150 மி.மீ. மேலாகவும் சரிவாக ஏறும். அந்தச் சரிவின் நீளம் 180 மி.மீ. இதுவரை 282 மி.மீ. ஆகிவிட்டது. உட்சுவரின் மூட்டுக்குள் செருகவும் தாள் வேண்டும் என்பதால் 300 மி.மீ. அகலச் சுருள் இங்கே போதாது. சிக்கனம் பார்த்து அதையே வெட்டிப் போட்டால், செருக இடமில்லாமல் பின்விளிம்பு உட்சுவரில் சும்மா சாய்ந்து நிற்கும். நாளடைவில் நழுவி இடைவெளிக்குள் சரியும். 450 மி.மீ. அகலச் சுருள்தான் இந்தச் சுவருக்கு ஏற்றது.

தாள் முடிந்தவரை ஒரே துண்டாக இருக்க வேண்டும். ஒட்டுப் போட்டே ஆக வேண்டுமென்றால் 100 மி.மீ.க்குக் குறையாமல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பசையால் முழுவதும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இடைவெளியைக் கடக்கும் பகுதிக்கு அடியில் தாங்கலும் வேண்டும். தாங்கல் இல்லாத மெல்லிய தாள் விழும் கலவையின் எடையில் தொய்ந்து குழியாகும். ஒட்டு அந்தக் குழியில் அமைந்துவிட்டால் அது பிரிந்து, நீர் நேராக லிண்டலின் முதுகில் இறங்கும்.

கசிவுத் துளைகள் 1,200 மி.மீ.க்கு இரண்டு போதும் என்பது குறைந்தபட்ச விதி. வெளியே பூசாமல் விடப்படும் செங்கல் சுவரில் லிண்டலுக்கு மேல் 450 மி.மீ.க்கு ஒன்று வீதம் கேட்கும் என்.ஹெச்.பி.சி. அளவைப் பின்பற்றினால் மூன்று வேண்டும். செங்கல் ஒன்று கலவையோடு 225 மி.மீ. என்பதால், இரண்டு செங்கல்லுக்கு ஒரு மூட்டைத் திறந்துவிட்டால் இந்த அளவு தானாகவே அமைந்துவிடும்.

சாய்ப்பு இறக்கிய சுவர்

ஜன்னலைவிட அதிகம் தவறு நேரும் இடம், உயரமான சுவரில் தாழ்ந்த கூரை ஒன்று வந்து முட்டும் இடம். இரண்டு மாடி வீட்டின் பின்பக்கம் ஒரு தளத்துக்குச் சமையலறையை நீட்டிக் கட்டுவது பிரிட்டனில் மிகச் சாதாரணம். வீட்டின் பின்சுவரில் சாய்ப்பாக ஒரு கூரை இறக்கப்படுகிறது. அன்றுவரை வெளியே நின்ற சுவரின் கீழ்ப்பாதி அன்றோடு சமையலறையின் உட்புறச் சுவராகிவிடுகிறது. அதன்மேல் பூச்சும் பெயிண்டும் ஏறுகின்றன.

மேற்பாதி மட்டும் இன்னும் மழையில் நிற்கிறது. முன்பு போலவே அங்கே நீர் உள்ளே வந்து, வெளிச்சுவரின் முதுகில் இறங்குகிறது. கூரை முட்டும் மட்டத்தைத் தாண்டிக் கீழே வரும்போது, அந்த வெளிச்சுவரின் மறுபக்கம் சமையலறை. நனைந்த செங்கல் வழியே ஈரம் ஊறிப் பூச்சில் தெரிகிறது. கூரையின் ஓடும் ஈயத்தகடும் குறையில்லாமல் இருந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் நீர் கூரையைத் தொடவே இல்லை. சுவருக்குள்ளேயே அது கூரையைக் கடந்து வந்துவிட்டது.

இதைத் தடுக்கக் கூரை முட்டும் கோட்டுக்கு மேலே, சுவருக்குள் ஒரு தட்டு வேண்டும். கூரை ஓடுகளின் மேல் படியும் ஈய ஃபிளாஷிங்கும் சுவருக்குள் இருக்கும் தட்டும் ஒரே கிடைமட்ட மூட்டில் சந்திக்கின்றன. அங்கே வரிசை முக்கியம். ஈயத்தகட்டின் மேல்விளிம்பு குறைந்தது 25 மி.மீ. மூட்டுக்குள் செல்ல வேண்டும். தட்டு அதன்மேல் வந்து படிய வேண்டும். ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிவதுபோல, மேலிருந்து வரும் நீர் எப்போதும் அடுத்ததன் முதுகில்தான் விழ வேண்டும். தட்டு ஈயத்துக்கு அடியில் போய்விட்டால், தட்டிலிருந்து வெளிவரும் நீர் தகட்டின் பின்புறமாக இறங்கிச் சமையலறைச் சுவரிலேயே சேரும்.

ஈயத்தகட்டுக்கும் அதற்கேயுரிய விதிகள் உண்டு. இந்த வேலைக்குப் பயன்படும் வழக்கமான தகடு ஏறக்குறைய 1.8 மி.மீ. தடிப்புள்ளது. வெயிலில் ஈயம் வெகுவாக விரியும், குளிரில் சுருங்கும். 1.5 மீட்டருக்கு மேல் ஒரே துண்டாகப் போட்டால் நாளடைவில் களைத்து வெடித்துவிடும். அதனால் சிறு துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று 100 மி.மீ. படியும்படி போடுகிறார்கள். கூரையின் மேற்பரப்பிலிருந்து 150 மி.மீ. உயரம்வரை அது சுவரில் ஏறும்.

கூரையின் மேல் ஓரம் சுவரில் முட்டினால் ஒரே மட்டத்தில் நீளமான தட்டு போதும். கூரையின் பக்கவாட்டு ஓரம் சுவரில் முட்டினால், முட்டும் கோடு சரிவாக ஏறிச் செல்லும். அங்கே சிறுசிறு தட்டுகள் படிக்கட்டுபோல் வரிக்கு வரி ஏறும். ஒவ்வொரு தட்டும் தன்மேல் விழும் நீரைக் கீழே உள்ளதற்குத் தள்ளிவிடும். மிகக் கீழே உள்ள தட்டுக்கு இருபுறமும் முனைத் தடுப்பும் ஒரு கசிவுத் துளையும் கட்டாயம், ஏனென்றால் மேலிருந்த அத்தனை தட்டுகளின் நீரும் அங்கேதான் வந்து சேர்கிறது.

பிற்காலத்தில் தட்டு செருகுவது

நீட்டிப்பைக் கட்டியவர்கள் தட்டை விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மீட்டர் நீளமுள்ள பின்சுவரில் சாய்ப்பு இறங்கியிருக்கிறது. அடைமழை பெய்த மறுநாள், சமையலறையின் உட்சுவரில் கூரையை ஒட்டிய உயரத்தில் ஈரம் பட்டையாகத் தெரிகிறது. காய்ந்ததும் அங்கே உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. முதலில் கூரைக்காரரை அழைப்பார்கள். அவர் ஈயத்தகட்டை மாற்றுவார், ஓட்டை மாற்றுவார், ஓரங்களில் சிலிக்கான் பூசுவார். அடுத்த மழையில் ஈரம் திரும்ப வரும்.

சரியான பரிகாரம் சுவரைத் திறப்பதுதான். கூரைக்கு மேலே தட்டு வர வேண்டிய மட்டத்தில் இரண்டு வரிச் செங்கற்களை எடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு மீட்டரையும் எடுத்தால் மேலே உள்ள சுவர் இறங்கிவிடும். அதனால் ஒரு மீட்டருக்கு மிகாத பகுதிகளாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றாக எடுப்பார்கள். முதல் பகுதியில் செங்கல்லை எடுத்ததும் இடைவெளியில் தேங்கிய கலவைக் கட்டிகளை அகற்றுவார்கள். உட்சுவரை உடைக்காமலேயே அதில் சாய்ந்து தானே நிமிர்ந்து நிற்கும்படி வார்த்த தட்டுத் துண்டு அங்கே செருகப்படும். அடியில் ஈயத்தகட்டின் விளிம்பு வரும். பிறகு செங்கற்கள் திரும்ப அடுக்கப்படும். மேல் வரிக்கும் பழைய சுவருக்கும் நடுவில் கற்பலகைத் துண்டுகளைச் செருகி, மேலிருக்கும் எடை புது வேலையின்மேல் முழுமையாக இறங்கும்படி இறுக்குவார்கள். அந்தக் கலவை இறுகிய பிறகே நடுவில் விட்ட பகுதிகளைத் திறப்பார்கள்.

தட்டுத் துண்டுகள் அடுத்தடுத்து 150 மி.மீ. படிந்து ஒட்டப்பட வேண்டும். நான்கு மீட்டர் சுவரில் ஒரு முனையிலிருந்து 200 மி.மீ. தள்ளி முதல் கசிவுத் துளையை வைத்து, 900 மி.மீ.க்கு ஒன்றாகச் சென்றால் ஐந்தாவது துளை மறுமுனைக்கு 200 மி.மீ. முன்னால் வந்து நிற்கும். இரு முனைகளிலும் தடுப்பு உண்டு. வேலை முடிந்தபின் வெளியே தெரிவது புதிய கலவைக் கோடுகளும் ஐந்து சிறு பிளவுகளும் மட்டுமே.

எங்கே கெடுகிறது, எப்படி அறிவது

எல்லா உறுப்புகளும் இருந்தும் சுவர் கசிவதற்கு முதற்காரணம் விழுந்து கிடக்கும் கலவை. ஒரு நாள் வேலையில் விழும் கலவையை அன்றே அகற்றாவிட்டால் மறுநாள் அது கல்லாகிவிடும். அது தட்டின் முன்பக்கத்தில் குவிந்தால் துளைகளின் உள்வாயை அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் துளை திறந்தே இருக்கும். ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டால் சுமார் 100 மி.மீ. தாண்டியதும் அது தடையின்றி இடைவெளிக்குள் போக வேண்டும். அதற்கு முன்பே கடினமாக முட்டினால் அடைப்பு உண்டு என்று பொருள். கம்பியைக் குத்திப் பார்க்கும்போது தட்டைக் கிழித்துவிடக் கூடாது என்பதால் அதன் முனை மழுங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் வீட்டுக்காரரின் நல்லெண்ணம். சுவரில் கலவை இல்லாத பிளவுகளைக் கண்டதும், கட்டியவர் மறந்துவிட்டார் என்றோ, எலியும் குளிரும் உள்ளே வரும் என்றோ எண்ணி அடைத்துவிடுகிறார்கள். பழைய சுவருக்குப் புதிதாக மூட்டுப் பூச வரும் வேலையாளும் அவற்றைச் சேர்த்தே பூசிவிடுவதுண்டு. தொட்டியின் ஒரே வாயும் மூடப்படுவதால் தட்டில் நீர் ஏறி, ஒட்டுகள் வழியேயும் முனைத் தடுப்புகளைத் தாண்டியும் வழியும்.

அறைக்குள் தெரியும் ஈரத்தின் இடமே பெரும்பாலும் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். ஜன்னல் தலைப்பின் நடுவிலிருந்து சொட்டினால் தட்டில் கிழிசலோ திறந்த ஒட்டோ இருக்கலாம். ஜன்னலின் மேல் மூலைகளில், பக்கவாட்டுப் பூச்சில் கறை படிந்தால் முனைத் தடுப்பு இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டுமே குறிப்பிட்ட திசையிலிருந்து காற்றோடு மழை அடித்த பிறகே, சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்துத் தோன்றும். மழையோடு சம்பந்தமே இல்லாமல், குளிர்காலக் காலைகளில் அறையின் குளிர்ந்த மூலைகளில் வரும் ஈரமும் கரும்பூஞ்சையும் வேறு. அது அறைக்குள் இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் படிவது. தட்டை மாற்றினாலும் அது போகாது.

சந்தேகம் தீராவிட்டால் குழாயால் சுவரில் நீரைத் தெளித்துப் பார்ப்பார்கள். இதைக் கீழிருந்து தொடங்க வேண்டும். ஜன்னலுக்குக் கீழே சிறிது நேரம், பிறகு ஜன்னல் மட்டத்தில், பிறகு தட்டுக்கு மேலே என்று ஒவ்வொரு மட்டமாக ஏற வேண்டும். முதலிலேயே மேலே தெளித்துவிட்டால் நீர் எல்லா இடத்திலும் ஓடி, எந்த மட்டத்தில் உள்ளே வந்தது என்று சொல்ல முடியாமல் போய்விடும். தட்டுக்கு மேலே தெளிக்கும்போது கசிவுத் துளையிலிருந்து நீர் வழிந்தால் தட்டும் துளையும் வேலை செய்கின்றன. அதன் பிறகும் ஐயம் இருந்தால், ஒரு மூட்டில் சிறு துளையிட்டு ஒளிக் கேமராவை உள்ளே விட்டு, தட்டின் மேல் கலவை கிடக்கிறதா, முனையில் தடுப்பு நிற்கிறதா என்று நேரடியாகப் பார்த்துவிடலாம். கசிவுத் துளையிலிருந்து நீர் வரவில்லை என்பது மட்டும் குறையன்று. சில சுவர்களுக்குள் அவ்வளவு நீர் வருவதே இல்லை.

இந்த அமைப்பால் முடியாதவையும் உண்டு. தட்டு தனக்கு மேலிருந்து இறங்கும் நீரை மட்டுமே பிடிக்கும். ஜன்னல் சட்டத்தின் ஓரத்து விரிசல் வழியே நேராக வரும் நீரையோ, தரையிலிருந்து மேலேறும் ஈரத்தையோ அது தொடாது. இடைவெளி முழுவதும் வெப்பக்காப்புப் பஞ்சு நிரப்பப்பட்ட சுவர்களில், நீர் தடையின்றி இறங்க வெற்றிடம் இல்லை. பஞ்சு நீரை உறிஞ்சாத வகையாக இருந்தாலும், அதன் துண்டுகள் சரியாகப் பொருந்தாத இடங்களில் நீர் உட்பக்கம் கடக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட சுவர்களில் தட்டும் முனைத் தடுப்பும் துளையும் ஒன்றுகூட விடுபடாமல் இருக்க வேண்டும். கடுமையான மழை மண்டலங்களில் இடைவெளியை முழுவதும் நிரப்பலாமா என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும். பகுதியளவு மட்டும் நிரப்பி, வெளிச்சுவரின் முதுகுப்பக்கம் 50 மி.மீ. வெற்றிடம் விட்டால், நீருக்கு அதன் பழைய பாதை அப்படியே கிடைத்துவிடும்.